நாக்கு தடுக்கும் இடம்

பிரெஞ்சு நாவலாசிரியர் குஸ்தாவ் ஃப்ளோபெர், ரூவான் நகருக்குப் பக்கத்தில் சேன் ஆற்றங்கரை வீடொன்றில் இருந்துகொண்டு ‘மதாம் பொவாரி’ நாவலை எழுதினார். எழுதி முடிக்க ஏறக்குறைய ஐந்து வருடம் ஆனது; 1857-இல் அது புத்தகமாக வந்தது. எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும் உரத்த குரலில், கிட்டத்தட்டக் கத்தியே, படித்துப் பார்ப்பது அவர் வழக்கம். சரியாக அமையாத வாக்கியம் படிக்கிறவரின் நெஞ்சை அடைக்கும் என்று அவர் நம்பினார்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் அதிகமாகப் பயன்படும். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் ‘வந்து’, ‘பார்த்து’, ‘எடுத்த’, ‘கிடைக்காததால்’ என்று எத்தனை எச்சங்களை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம். இலக்கணம் தடுக்காது; மூச்சுதான் தடுக்கும். எழுதியவர் கண்ணால் மட்டும் படிக்கும்போது அது தெரிவதில்லை. என்ன சொல்ல வந்தோம் என்பது அவருக்கு முன்பே தெரியும் என்பதால் கண் பாதியைத் தாண்டிப் போய்விடுகிறது. வாய்விட்டுப் படிக்கும்போது ஒரு சொல்லையும் தாண்ட முடியாது.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம். ஊர்ச் செய்தி ஒன்றின் முதல் வரைவு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“கடந்த ஆண்டு பெய்த பெருமழையில் உடைந்த ஏரிக்கரையைச் சீரமைக்கக் கோரி அதிகாரிகளிடம் பலமுறை மனுக் கொடுத்தும் பலன் கிடைக்காததால் ஊர் மக்களே ஒன்று சேர்ந்து வீட்டுக்கு 500 ரூபாய் வசூலித்து வாடகைக்கு எடுத்த பொக்லைன் இயந்திரத்தைக் கொண்டு மண் கொட்டிக் கரையை உயர்த்தும் பணியைக் கடந்த வாரம் தொடங்கியுள்ளனர். இந்தப் பணியில் இளைஞர்கள் பெருமளவில் ஈடுபட்டுள்ளனர். பெண்களும் ஆர்வத்துடன் பங்கேற்றுள்ளனர். முதியவர்கள் ஆலோசனை வழங்கியுள்ளனர்.”

கண்ணுக்கு இதில் பிழை எதுவும் தெரியாது. இனி இதைத் தாளில் அச்சிட்டு, கையில் பென்சிலோடு, எதிரில் இருப்பவருக்குக் கேட்கும் அளவு குரலில் படியுங்கள். முணுமுணுத்தால் போதாது, முணுமுணுக்கும்போது கண்ணைப் போலவே வாயும் தாவிவிடும். திருத்துவதற்காக நடுவில் நிறுத்தவும் வேண்டாம். நிறுத்தினால் ஓட்டம் அறுந்து, அடுத்த வாக்கியத்தின் தாளம் காதில் விழாது. அடையாளம் மட்டும் போட்டுக்கொண்டே போகலாம். மூச்சு வாங்கிய இடத்தில் ஒரு சாய்கோடு, திரும்ப வந்த சொல்லைச் சுற்றி ஒரு வட்டம், நாக்கு தடுமாறிய இடத்துக்குக் கீழே ஒரு நெளிகோடு.

முதல் வாக்கியத்தில் 35 சொற்கள். நிதானமாகப் படிக்கிற ஒருவருக்கு 12 முதல் 15 சொல்லுக்குள் மூச்சு தேவைப்படும். இங்கே ‘கிடைக்காததால்’ என்ற இடத்திலேயே அது தீர்ந்துவிடுகிறது. ஆனால் யார், என்ன செய்தார்கள் என்பது இன்னும் தொடங்கவே இல்லை. ‘ஊர் மக்களே’ பதினாறாவது சொல்லில் முடிகிறது. அவர்கள் செய்த காரியம் 35-ஆவது சொல்லில் வருகிறது. படிப்பவர் அத்தனையையும் மனத்தில் தாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ‘கடந்த’ என்ற சொல்லும் இரண்டு முறை வருகிறது. ஒன்று தொடக்கத்தில், மற்றொன்று கடைசியில் இருப்பதால் கண்ணுக்கு அகப்படவில்லை, காது பிடித்துவிடும்.

அடுத்த மூன்று வாக்கியங்களின் சிக்கல் வேறு வகை. மூச்சு தாராளமாகப் போதும். ஆனால் ஈடுபட்டுள்ளனர், பங்கேற்றுள்ளனர், வழங்கியுள்ளனர் என்று ஒரே முடிவு, ஏறத்தாழ ஒரே நீளம். தமிழில் திரும்பி வருவது சொல்லாக மட்டும் இருப்பதில்லை. பெரும்பாலும் விகுதியாகத்தான் ஒளிந்திருக்கிறது. முதல் வாக்கியத்தின் ‘தொடங்கியுள்ளனர்’ என்பதையும் சேர்த்தால் நான்கு. மூன்றாவது வாக்கியத்தைப் படிக்கும்போதே குரல் தட்டையாகி, பாடம் ஒப்பிப்பது போல ஆகிவிடும். அப்படித் தட்டையாவதே அடையாளம்.

படித்து முடித்த பிறகுதான் திருத்தம். மூச்சு நின்ற இடங்களில் வாக்கியத்தை வெட்டினால் இப்படி வரும்:

“போன வருட மழையில் ஏரிக்கரை உடைந்தது. அதைச் சரிசெய்யக் கேட்டு ஊர் மக்கள் பலமுறை மனுக் கொடுத்தார்கள். பலன் இல்லாததால் வீட்டுக்கு 500 ரூபாய் என்று தாங்களே பணம் திரட்டினார்கள். அதில் ஒரு பொக்லைனை வாடகைக்கு எடுத்து, சென்ற வாரம் கரையில் மண் கொட்டத் தொடங்கினார்கள்.”

இதையும் ஒரு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். கொடுத்தார்கள், திரட்டினார்கள், தொடங்கினார்கள் என்று திருத்தமே புதிய பிழையைக் கொண்டுவந்திருக்கிறது. நீளமான வாக்கியத்தை வெட்டும்போது தமிழில் இது அநேகமாக நடக்கும், வெட்டிய ஒவ்வொரு துண்டும் ஒரு வினைமுற்றைக் கேட்பதால். அதனால் முடிவுகளை மாற்றிப் போட வேண்டும்:

“போன வருட மழையில் ஏரிக்கரை உடைந்தது. அதைச் சரிசெய்யக் கேட்டுப் பலமுறை மனுக் கொடுத்தும் பலன் இல்லை. வீட்டுக்கு 500 ரூபாய் என்று ஊர் மக்களே பணம் திரட்டி, ஒரு பொக்லைனை வாடகைக்கு எடுத்தார்கள். சென்ற வாரம் முதல் கரையில் மண் விழுகிறது.”

எந்த வாக்கியமும் 15 சொல்லைத் தாண்டவில்லை. நான்கும் நான்கு விதமாக முடிகின்றன. ‘கரை’ இரண்டு இடத்தில் வருகிறது, ஆனால் அது இருக்க வேண்டும். செய்தியே கரையைப் பற்றியது. திரும்ப வருகிறதே என்று ஓரிடத்தில் கரை, இன்னோர் இடத்தில் அணை என்று மாற்றினால், படிப்பவர் இரண்டும் வேறு வேறு என்று நினைத்துக்கொள்வார்.

‘ஆர்வத்துடன் பங்கேற்றுள்ளனர்’ என்ற வாக்கியத்தை முடிவை மாற்றிச் சரிசெய்ய முடியாது. பெண்கள் கல் சுமந்தார்களா, மண்ணைப் பரப்பினார்களா என்று எழுதியவர் கேட்டு வந்தால்தான் அது உயிர் பெறும். தட்டையான ஓசைக்குப் பின்னால் பல நேரம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இருக்கிறது.

படிக்கும்போது வாய் தானாகவே வேறு சொல்லைப் போட்டுக்கொள்வதும் உண்டு. தாளில் ‘மேற்கொள்ளப்பட்டது’ என்று இருக்க, நாக்கு ‘நடந்தது’ என்கிறது. இதைத் தவறாகப் படித்ததாக எண்ணி ஒதுக்கிவிடக் கூடாது. அநேகமாக நாக்கு சொன்னதே நல்ல சொல். அதற்காக எழுத்துத் தமிழைப் பேச்சுத் தமிழாக மாற்றிப் படிப்பதும் சரியில்லை. ‘போய்விட்டது’ என்பதைப் ‘போயிருச்சு’ என்று படித்தால் நாம் சோதிப்பது வேறொரு வாக்கியத்தை.

இந்தச் சோதனைக்கு எல்லையும் உண்டு. ‘அந்த படம்’ என்று எழுதியிருந்தால், வாய் ‘அந்தப் படம்’ என்று அழுத்துவதை வைத்து விட்டுப்போன ஒற்றைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் ன-ண, ர-ற குழப்பங்களை நம்மில் பலர் உச்சரிப்பில் வேறுபடுத்துவதில்லை என்பதால் காது கைவிட்டுவிடும்; அதற்குக் கண்தான் வேண்டும். பெரிய எல்லை எழுதியவரின் குரலே. எங்கே அழுத்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். குழப்பமான வாக்கியத்தையும் அவர் குரலால் நேராக்கிப் படித்துவிடுவார்.

அதனால் முக்கியமான கட்டுரையை முன்பு பார்த்திராத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் இன்னொரு பிரதியில் பென்சிலோடு பின்தொடருங்கள். அவர் ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினால், எழுதியது உங்களுக்கு எவ்வளவு தெளிவாகத் தோன்றினாலும் அந்த வாக்கியத்தை மாற்றுங்கள். அவரிடம் விளக்கம் சொல்லாதீர்கள். அச்சில் படிக்கப்போகிறவருக்குப் பக்கத்தில் நின்று விளக்க நீங்கள் இருக்கமாட்டீர்கள்.