பூஜ்யம் வாங்கிய புரோகிராமர்

ஒரு பெரிய வங்கிக்காக வேலை பார்த்த மென்பொருள் குழுவில், யார் எவ்வளவு வேலை முடித்தார் என்று ஆளுக்கு ஆள் புள்ளி போட ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு மட்டும் எப்போதும் பூஜ்யம். அவரை அனுப்பிவிடலாம் என்றார் மேலாளர்.

அந்தக் குழுவில் இருந்த டான் நார்த் அதற்கு ஒப்பவில்லை. நடந்ததை 2023இல் கட்டுரையாக எழுதினார். பூஜ்யக்காரர் தன் பெயரில் எந்த வேலையும் எடுத்துக்கொள்வதில்லை. தினமும் யாராவது ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். புதியவர் என்றால் விடையைச் சொல்லாமல் கேள்வி கேட்டுக் கேட்டே அவரை அதற்குக் கொண்டுவருவார். அவர் கை பட்ட நிரல் தரமாக இருந்தது, சீக்கிரமும் முடிந்தது. மேலாளர் நேரில் வந்து பார்த்தார். ஆள் தங்கினார், தனிநபர் புள்ளிக்கணக்குதான் போனது.

அதற்காக, உதவுகிறேன் என்று சொல்பவரையெல்லாம் நம்பிவிட முடியாது. சக ஊழியர்களிடம், “அவர் இல்லாவிட்டால் எந்த வேலை நின்றிருக்கும்?” என்று கேட்க வேண்டும். உண்மையில் உதவியிருந்தால் திட்டவட்டமான பதில் வரும்.

பொறுப்புணர்வுக்கும் இப்படித் தடயங்கள் உண்டு. தான் எழுதிய பகுதி வெளியான பிறகு பிழைப்பதிவுகளைத் தானே பார்க்கிறாரா? வெள்ளிக்கிழமை முடியாது என்பதைச் செவ்வாயன்றே சொல்கிறாரா, வெள்ளி மாலைவரை மௌனம் காக்கிறாரா? மதிப்பீட்டுப் படிவத்தில் மேலாளர் எழுத வேண்டியது இத்தகைய சம்பவங்களை, தேதியோடு. வருடக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால், கடந்த மாதம் நடந்தது மட்டுமே அதில் இருக்கும்.