இட்லிப் பானையும் எரிவாயுக் கணக்கும்

நமது வீட்டில் சென்ற மாதம் ஒரு சிறு தகராறு எழுந்தது. காஸ் சிலிண்டர் வழக்கத்துக்கு ஐந்து நாள் முன்னதாகவே தீர்ந்துவிட்டது. யார் மீது குற்றம் என்ற விசாரணையில், காலைதோறும் அடுப்பேறும் இட்லிப் பானை குற்றவாளிக் கூண்டில் நின்றது. "பானை நிறையத் தண்ணீர் வைத்தால் காஸ் எப்படி மிஞ்சும்?" என்றாள் நம் மனைவி. "தண்ணீர் குறைந்து பானை தீய்ந்துபோனால் அதை யார் வாங்குவது?" என்றார் நம் தாயார். பள்ளியில் இருபது வருஷமாகப் பௌதிகம் போதித்துவரும் நாம் இவ்விருவருக்கும் நடுவே வாயைத் திறவாதிருப்பது அழகல்ல. ஆகவே தராசையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் புகுந்தோம்.

நேயர்கள் முதலில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தை ஒரு கிலோகலோரி என்கிறோம். குழாயிலிருந்து வரும் 30 டிகிரித் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி போதும். ஆனால் கொதிக்கும் அதே லிட்டர் நீரை முழுவதும் ஆவியாக்க 540 கிலோகலோரி வேண்டும். இத்தனை வெப்பம் உள்ளே சென்றும் வெப்பமானியில் பாதரசம் ஒரு கோடுகூட ஏறாது. கண்ணுக்குத் தெரியாமல் ஆவியினுள் ஒளிந்துகொள்வதால் இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். ஸ்காட்லாந்து தேசத்து ஜோசப் பிளாக் என்பவர் 1762-ஆம் ஆண்டை ஒட்டி இதை ஆராய்ந்தபோது கையாண்ட முறை மிக எளியது. ஒரே அடுப்பில் தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரம், பிறகு முழுவதும் வற்ற எவ்வளவு நேரம் என்று பார்த்தார், அவ்வளவுதான். எந்த வீட்டிலும் அதைச் செய்து பார்க்கலாம்.

ஒளிந்துகொண்ட அந்த வெப்பந்தான் இட்லியை வேகவைக்கிறது. ஆவி குளிர்ந்த மாவின் மேல் பட்டவுடன் மறுபடி நீராக மாறுகிறது. மாறும்போது தான் ஒளித்து வைத்திருந்ததையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. ஒரு கிராம் ஆவி இவ்வாறு 540 கலோரி கொடுக்கும். கொதிநீர் கையில் தெறிப்பதைவிட ஆவி அடிப்பது கொடியதாக இருப்பதன் காரணமும் இதுவே.

இனி நமது பானைக்கு வருவோம். நான்கு தட்டுகளில் 16 குழிகள். குழிக்கு 50 கிராம் வீதம் ஓர் ஈட்டுக்கு 800 கிராம் மாவு. மாவு சூடேற ஏறக்குறைய 45 கிலோகலோரியும், அலுமினியத் தட்டுகளுக்கு 10 கிலோகலோரியும் போதும். அதாவது, சற்றேறக்குறைய 100 கிராம் ஆவி இருந்தால் ஓர் ஈடு இட்லி சூடேறிவிடும். அரை டம்ளர்த் தண்ணீர்! இதை நாம் சொன்னபோது நம் தாயார் நம்பவில்லை.

முதல் நாள் வழக்கப்படியே செய்யச் சொன்னோம். ஒரு லிட்டர் தண்ணீர். பெரிய அடுப்பு, முழுத் தீ. நாலரை நிமிஷத்தில் கொதி வந்தது. தட்டுகளை இறக்கி மூடிப் பன்னிரண்டு நிமிஷம் அதே தீயில் விட்டார்கள். பிறகு பானையில் மீந்த நீரை நிறுத்துப் பார்த்தால் கால் லிட்டர் குறைந்திருந்தது. இட்லிக்கு வேண்டியதைப் போல் இரண்டரை மடங்கு ஆவி மூடியின் விளிம்பு வழியே சமையலறைச் சுவருக்குப் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். அந்தக் கால் லிட்டர் மட்டும் 135 கிலோகலோரியைச் சுமந்துகொண்டு போயிற்று. நீரையும் பானையையும் சூடாக்கியது, பக்கங்களில் காற்றுக்குப் போனது எல்லாம் சேர்த்துப் பானைக்குள் சென்ற வெப்பம் சுமார் 290 கிலோகலோரி.

இதற்கு எரிவாயு எவ்வளவு? ஒரு கிலோகிராம் எரிவாயுவில் ஏறத்தாழ 11,000 கிலோகலோரி உண்டு. தீ நாக்குகள் பானையின் பக்கமாக ஓடி வீணாவது போக, நூற்றில் அறுபது பங்கு பாத்திரத்துக்குள் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராமுக்கு 6.6 கிலோகலோரி கிட்டும். ஆகவே நம் ஈட்டுக்கு 44 கிராம். 14.2 கிலோ சிலிண்டரின் விலை 900 ரூபாய் எனக் கொண்டால் கிராம் ஆறு பைசாவுக்குச் சற்று மேல். ஓர் ஈட்டுக்கு 2 ரூபாய் 80 பைசா ஆகிறது.

மறுநாள் அரை லிட்டர் தண்ணீர் மட்டும் வைத்தோம். கொதி வந்து தட்டு இறக்கியபின் முதல் நான்கு நிமிஷம் முழுத் தீ. அப்புறம் எட்டு நிமிஷம் மூன்றில் ஒரு பங்கு தீ. இட்லி முன்னாள் போலவே மல்லிகைப் பூவாக எழும்பியிருந்தது. செலவு 25 கிராமுக்குள் அடங்கியது. காசில் 1 ரூபாய் 55 பைசா. கொதிநீரை 100 டிகிரிக்கு மேல் ஏற்ற எந்தத் தீயாலும் ஆகாது. திறந்த பானையில் தீயைக் கூட்டினால் ஆவி அதிகமாகும், சூடு அதிகமாகாது. இந்த உண்மையைத்தான் அந்த எட்டு நிமிஷம் பயன்படுத்திக் கொண்டோம்.

ஆனால் முதல் நான்கு நிமிஷத்தில் சிக்கனம் பார்க்கலாகாது. மூன்றாம் நாள் நம் மனைவி உற்சாகத்தில் தொடக்கத்திலேயே தீயைக் குறைத்துவிட்டாள். இட்லி தட்டையாகி, துணியில் பசை போல் ஒட்டிக்கொண்டது. மாவிலுள்ள சிறு குமிழ்கள் சூட்டில் விரியும்போதே அவற்றைச் சுற்றிய மாவும் வெந்து இறுக வேண்டும். சூடு மெதுவாக வந்தால் குமிழ்கள் தப்பிவிடும், மாவு அமர்ந்துவிடும். அன்றியும், பானைக்குள் இருக்கும் காற்றை வெளியே தள்ள ஆவிக்கு வேகம் தேவை. காற்று கலந்த ஆவியின் சூடு 100 டிகிரிக்கு எட்டாது. எனவே தீயைக் குறைத்த பின்பும் மூடியின் ஓரத்தில் ஆவி ஒரு மெல்லிய நூல் போல விடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். நூல் அறுந்தால் தீ போதவில்லை. புகைபோக்கி போல் பீறிட்டால் காசு போகிறது.

இரண்டாம் ஈடு உடனே வைப்பவர்களுக்கு நீரையும் பானையையும் சூடாக்கும் செலவு மிச்சம். நடுவில் நீர் சேர்க்க நேர்ந்தால் கொதிநீராகவே சேர்ப்பது நல்லது. பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆவி நின்றுபோகும், அந்த ஈடு கெடும்.

தினம் ஓர் ஈடு செய்யும் வீட்டில் மாதம் 600 கிராம், சுமார் 38 ரூபாய் மிஞ்சும். ஐந்து நாள் முந்தித் தீர்ந்த சிலிண்டருக்கு இட்லிப் பானை மட்டும் பொறுப்பல்ல என்பதை இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும். சாம்பாரையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் தெருமுனையில் இட்லி விற்கும் அம்மாளின் கணக்கு வேறு. ஓயாமல் வேகும் பானையில் தண்ணீர்ச் சிக்கனம் அவருக்குப் பயன் தராது. தீயைக் குறைப்பது ஒன்றே பயன் தரும். இதே அளவுப் பானையில் ஈட்டுக்கு 14 கிராம், நாளைக்கு 25 ஈடு என்றால் மாதத்தில் பத்து கிலோவுக்கு மேல். கடைக்கு வரும் 19 கிலோ சிலிண்டரில் அது பாதிக்கு மேலாகும்.

நம் தாயாரின் அச்சம் மட்டும் தீரவில்லை. அரை லிட்டரில் ஓர் ஈட்டுக்குப் பின் நானூறு கிராமுக்கு மேல் மீதமிருந்தது என்று நிறுத்துக் காட்டியும் பயனில்லை. கடைசியில் அவரே ஒரு பழைய வழியைச் சொன்னார்: பானையின் அடியில் ஒரு காசைப் போட்டு வைப்பது. தண்ணீர் கொதிக்கும்வரை அது கடகடவென்று ஆடும். சத்தம் நின்றால் நீர் வற்றியது என்று அறியலாம். இப்போது நம் வீட்டில் அரை லிட்டரும் ஒரு ரூபாய் நாணயமும் தினமும் பானைக்குள் போகின்றன.