உளுந்து எத்தனை முளைத்திருக்கிறது? வரப்பில் நின்று பார்த்தால் தெரியாது!

காவிரி டெல்டாவில் நெல் தரிசு உளுந்து தெளிக்கும் விவசாயிகளுக்கு, அறுவடை முடிந்ததும் வரும் முதல் கேள்வி, 'பயிர் தேறுமா, தேறாதா?' என்பதுதான். வரப்பில் நின்று பார்த்தால் ஒருநாள் பச்சையாகத் தெரியும். மறுநாள் வெறும் தாளாகத் தெரியும். கண் மதிப்பை நம்பாமல், ஒரு மணி நேரம் செலவிட்டு எண்ணிப் பார்த்துவிடலாம்.

ஓர் ஏக்கரில் 10 கிலோ உளுந்து தெளித்திருந்தார் ஒரு விவசாயி. 12-ம் நாள், நெல்லை அறுத்த பிறகு வயலைப் பார்த்தவர், "பாதிகூட முளைக்கல. இன்னொரு 10 கிலோ வாங்கி முழுக்கத் தெளிச்சிட வேண்டியதுதான்" என்றார். "எண்ணிப் பார்த்துட்டு வாங்கலாமேப்பா" என்றார், வேளாண்மை படிக்கும் மகன்.

நான்கு மூங்கில் குச்சிகளைக் கட்டி, உள்பக்கம் அரை மீட்டருக்கு அரை மீட்டர் இருக்கும்படி ஒரு சதுரச் சட்டம் செய்தார்கள். அதன் பரப்பு கால் சதுர மீட்டர். சட்டத்தைக் கையால் வீசிப் போட்டால், கண் பார்க்கும் பச்சையை நோக்கியே கை போகும். அதனால் எண்கள் எழுதிய சீட்டுகளைக் குலுக்கி எடுத்தார்கள். முதல் சீட்டில் வந்த எண்ணிக்கைக்கு வரப்போரம் நடை, இரண்டாவது சீட்டுக்கு வயலுக்குள் நடை. கால் நின்ற இடத்தில் சட்டத்தை வைத்து, வைக்கோலை விலக்கி, வேர் உள்ளே இருக்கும் செடிகளை மட்டும் எண்ணினார்கள். குச்சிக்கு நேர் கீழே நிற்கும் செடி என்றால், இரண்டு பக்கங்களில் சேர்த்துக்கொண்டு, மற்ற இரண்டு பக்கங்களில் விட்டுவிட்டார்கள். இதில் கவனம் வேண்டும். ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு செடி கூடினால், ஏக்கர் கணக்கில் 16,000 செடிகள் கூடிவிடும்.

பத்து இடங்களில் கிடைத்த எண்ணிக்கை: 9, 6, 8, 3, 10, 5, 7, 2, 8, 4. கூட்டினால் 62. பத்தால் வகுத்தால் சராசரி 6.2. சட்டம் கால் சதுர மீட்டர் என்பதால் நான்கால் பெருக்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 25 செடிகள். ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம். பத்து இடம் போதுமா என்பதையும் அந்தக் கணக்கிலேயே பார்க்கலாம். ஐந்து இடங்களில் சராசரி 7.2 ஆக இருந்தது, எட்டில் 6.25, பத்தில் 6.2. சராசரி அதிகம் ஆடாமல் நின்றுவிட்டால் எண்ணுவதை நிறுத்தலாம். ஆடிக்கொண்டே இருந்தால் இன்னும் ஐந்து இடங்கள் பார்க்க வேண்டும்.

உளுந்துக்குச் சதுர மீட்டருக்கு 33 செடிகள் தேவை. ஆக, இந்த வயலில் முக்கால் பங்கு இருக்கிறது. பாதிகூட இல்லை என்ற கண் மதிப்பு தவறு. ஆனால், ஓரிடத்தில் 10, இன்னோர் இடத்தில் 2 என்று இருப்பது ஏன்? சராசரி இதைச் சொல்லாது.

அதற்காக மடையிலிருந்து எதிர்ப்பக்க வடிகால் வரை 60 மீட்டர் கயிறு கட்டினார்கள். 5-வது மீட்டரில் தொடங்கி, 10 மீட்டருக்கு ஒரு தடவை சட்டத்தை வைத்தார்கள். மடையிலிருந்து வரிசையாக 10, 9, 9, 7, 3, 2 செடிகள். முதல் நான்கு இடங்களின் சராசரி 8.75, அதாவது சதுர மீட்டருக்கு 35 செடிகள். அங்கே எதுவும் செய்ய வேண்டியதில்லை. கடைசி இரண்டின் சராசரி 2.5; சதுர மீட்டருக்கு வெறும் 10 செடிகள். பள்ளமான அந்தக் கடைசி 20 மீட்டர்தான் பிரச்னை. அளவில் அது ஏறத்தாழ ஒரு மா.

அங்கே மண்ணைக் கிளறியபோது, ஊறி உப்பி, அழுகிய விதைகள் கிடைத்தன. தண்ணீர் தேங்கியதற்கு அதுவே அடையாளம். விதை காய்ந்து கெட்டியாகக் கிடந்திருந்தால் ஈரம் போதவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட இடத்தில் மறுபடி தெளித்தாலும் முளைக்காது. இங்கே ஈரம் இன்னும் இருந்ததால், முதலில் வடிகாலுக்கு ஒரு சிறு வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். பிறகு, அந்த ஒரு மாவில் மட்டும் விதையைக் குத்தி ஊன்றினார்கள். 10 கிலோவுக்குப் பதில் மூன்றரை கிலோ போதுமானதாக இருந்தது.

இதில் ஒரு சிரமம் உண்டு. பின்னால் ஊன்றிய பகுதி சுமார் இரண்டு வாரம் தாமதமாகவே முற்றும். அதைத் தனியாகத்தான் அறுக்க வேண்டும்.

கயிறு ஓடிய இடங்களில் குச்சி நட்டு அடையாளம் வைத்திருக்கிறார்கள். பத்து நாள் கழித்து அதே இடங்களில் மறுபடி எண்ணினால், ஊன்றியது தேறியதா என்பது தெரிந்துவிடும்.