சத்தம் கேட்கிறது, படம் தெரியவில்லை

பெரகலச் சந்தியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒரு டீ.வி. பழுதாகிவிட்டால், அதைத் துணியில் சுற்றி பஸ்ஸில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோவதே பெரும்பாடு. இன்றைய தட்டையான பெட்டிக்கு மலைப்பாதைக் குலுக்கலில் கண்ணாடித் திரை வெடித்துவிட்டால் கதை முடிந்தது. புதுத் திரையின் விலைக்கு வேறு பெட்டியே வாங்கிவிடலாம். ஆகவே, பழுது எங்கே என்பதை வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்வது நல்லது.

செய்தி வாசிப்பது கேட்கிறது, திரையோ கறுப்பாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்.சி.டி. திரை தானாக வெளிச்சம் தருவதில்லை. அதன் பின்னால் நீளமான பட்டிகளில் சிறிய எல்.ஈ.டி. குமிழ்கள் இருக்கின்றன. அவற்றின் ஒளி திரையை ஊடுருவி வரும்போதுதான் நாம் படத்தைக் காண்கிறோம். அந்த ஒளி நின்றுவிட்டாலும் திரையில் படம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இதைக் காண ஒரு டோர்ச் போதும். இரவில் அறை விளக்கை அணைத்து, டீ.வி.யைப் போட்டுச் சத்தம் வரும்வரை பொறுங்கள். டோர்ச்சைத் திரைக்கு மிக அருகில் பிடித்துச் சாய்வாக அடித்து, மெதுவாக நகர்த்திப் பாருங்கள். ரிமோட்டில் மெனுவை அழுத்தினால் எழுத்துக்கள் எளிதில் கண்ணில் படும். நிழல்போல மங்கலான உருவங்கள் அசைந்தால் திரை நல்லது, பின்னொளிதான் போய்விட்டது. போட்டவுடன் ஒரு கணம் படம் மின்னி மறைவதும் இதே பழுதின் அடையாளமே.

எதுவுமே தெரியாவிட்டால் திரையிலோ அதற்குப் படத்தை அனுப்பும் பலகையிலோ பழுது இருக்கக்கூடும். ஓ.எல்.ஈ.டி. வகைப் பெட்டிகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அவற்றில் பின்னொளியே கிடையாது.

ஒரு 32 அங்குலப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். தலா 3 வோல்ட் கொண்ட 12 குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருந்தால் மொத்தம் 36 வோல்ட் தேவை. நத்தார்கால வர்ணவிளக்கு மாலையைப் போல, ஒரு குமிழ் அறுந்தாலே வரிசை முழுவதும் இருண்டுவிடும். திருத்துபவர் பட்டிக்குப் போகும் இணைப்பில் மீற்றர் வைத்துப் பார்ப்பார். பெட்டியைப் போடும்போது 36 வோல்ட்டுக்கு மேல் ஏறிப் பின் விழுந்தால் பட்டியே பழுது. வோல்ட் வரவே இல்லையென்றால் அதை ஓட்டும் பலகையைப் பார்க்கவேண்டும்.

பின்மூடியை நீங்கள் கழற்றவேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் மின்பலகையின் பெரிய கொள்ளளவியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பட்டிகளை மாற்றத் திரையையே தூக்கவேண்டும் என்பதால் அது பழகிய கைகளுக்குரிய வேலை.

ஒரு குமிழை மட்டும் மாற்றச் சொல்லிக் காசை மிச்சப்படுத்தப் பார்ப்பவர்கள் உண்டு. மற்றக் குமிழ்களும் அதே வயதுதானே! சில மாதங்களில் அடுத்தது போனால் மீண்டும் அதே பஸ், அதே கூலி. எல்லாப் பட்டிகளையும் ஒன்றாக மாற்றக் கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் மெனுவில் பின்னொளியை 100இல் விடாமல் 50, 60க்குக் குறையுங்கள். இந்தக் குமிழ்களைக் கொல்வது பெரும்பாலும் சூடுதான்.