ஆறு மாதம் நிற்கப்போகும் கார்: டேங்கில் எவ்வளவு பெட்ரோல், எந்த ஆயிலை மாற்றுவது?

தாம்பரத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தம்பதியை எடுத்துக்கொள்வோம். மகள் பிரசவத்துக்காக ஜூன் மாதம் வெளிநாடு போகிறார்கள், டிசம்பரில்தான் திரும்புவார்கள். வீட்டு வாசலில் ஒரு சின்ன பெட்ரோல் கார், டேங்க் கொள்ளளவு 37 லிட்டர். கிளம்பும் வாரத்தில் டேங்கில் 5 லிட்டர்தான் இருக்கிறது. “நிக்கப்போற வண்டிக்கு எதுக்கு சார் பெட்ரோல்? ஆயிலையும் வந்து மாத்திக்கலாம்” என்கிறார் தெரிந்த மெக்கானிக். காசை மிச்சப்படுத்தச் சொல்லும் நல்லெண்ணம்தான் அது. ஆனால் அந்த இரண்டு யோசனைகளுமே தவறு.

முதலில் பெட்ரோல். காலி டேங்கில் காற்றின் ஈரம் படிந்து தண்ணீர் சேர்ந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. 30 டிகிரி வெயிலில் ஈரம் நிறைந்த காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் நீரைத் தாங்கும். டேங்கில் காலியாக இருக்கும் 32 லிட்டர் இடத்தில் அப்படிப் பார்த்தால் ஒரு கிராம்தான். பகல் சூட்டில் டேங்கின் காற்று விரிந்து வெளியேறுகிறது, இரவுக் குளிரில் புதுக் காற்று உள்ளே வருகிறது. தினமும் ஒரு லிட்டர் காற்று இப்படிப் போய்வந்து, அதன் ஈரம் முழுவதும் உள்ளேயே தங்கிவிட்டாலும் ஆறு மாதத்தில் சேரும் நீர் ஒரு தேக்கரண்டி அளவுதான். இன்று கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அந்த 5 லிட்டரிலேயே ஒரு லிட்டர் எத்தனால் இருப்பதால், ஒரு தேக்கரண்டி நீரை அது தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும்.

அப்படியானால் ஏன் நிரப்ப வேண்டும்? பெட்ரோலே ஆவியாகிப் பழசாகும் என்பதுதான் காரணம். பெட்ரோலில் சீக்கிரம் ஆவியாகும் பகுதிகள்தான் காலையில் ஒரே திருப்பில் வண்டியைக் கிளப்புகின்றன. மேலே 32 லிட்டர் காலி இடம் இருந்தால், இருக்கும் 5 லிட்டரிலிருந்து அந்த இலகுவான பகுதிகள் ஆவியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். மிச்சம் நிற்பது கனமான பெட்ரோல். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அது மெல்ல மெல்லப் பிசினாகும். அந்தப் பிசின் இன்ஜெக்டரின் நுண்ணிய துளைகளில் படியும். நிரம்பிய டேங்கில் காற்றும் குறைவு, ஆவியாக இடமும் குறைவு. டேங்குக்குள்ளேயே இருக்கும் பெட்ரோல் பம்பும் முழுக்க மூழ்கியிருக்கும். பழைய வண்டிகளிலும் பைக்குகளிலும் டேங்க் இரும்புத் தகடு என்பதால் அங்கே துருவும் ஒரு கவலை. அங்கே அந்தத் தேக்கரண்டி ஈரமும் கணக்கில் வரும்.

நிரப்புவது என்றால் விளிம்பு வரை அல்ல. நாசில் தானாக ‘டக்’ என்று நிற்கும் இடமே முழு டேங்க். “இன்னும் கொஞ்சம் போடுங்க, ரவுண்டா ஆகட்டும்” என்று சொல்ல வேண்டாம். நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வரும் 37 லிட்டர் பெட்ரோல், வாசல் வெயிலில் 15 டிகிரி சூடேறினால் அரை லிட்டர் விரியும். இடமில்லாவிட்டால் அது ஆவியை உறிஞ்சும் கரி டப்பாவுக்குள் போய் அதைக் கெடுத்துவிடும்.

மூன்று மாதத்துக்கு மேல் நிற்கும் என்றால் பெட்ரோலைக் கெடாமல் வைக்கும் ‘ஃபியூயல் ஸ்டெபிலைசர்’ ஒரு சின்ன பாட்டில் வாங்குங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றது என்று லேபிளில் எழுதியிருக்க வேண்டும். இன்ஜெக்டர் கிளீனரையோ ஆக்டேன் பூஸ்டரையோ இதற்குப் பதிலாகத் தரும் கடைகள் உண்டு. அவற்றின் வேலை வேறு. பாட்டிலில் சொன்ன அளவை முதலில் டேங்கில் ஊற்றி, பிறகு பெட்ரோல் போட்டால் தானே கலந்துவிடும். அங்கிருந்து வீடு வரை ஓட்டி வந்தால் குழாய்களிலும் இன்ஜெக்டர்களிலும் அந்தக் கலவை நிரம்பிவிடும்.

உண்மையான ஆபத்து பங்க்கிலிருந்தே தண்ணீர் வருவதுதான். மழைக்காலத்தில் நிலத்தடித் தொட்டிக்குள் நீர் கசிந்திருந்தாலோ, உங்கள் வண்டியின் டேங்க் மூடி ரப்பர் வெடித்து மழைநீர் இறங்கினாலோ சேர்வது தேக்கரண்டிக் கணக்கல்ல. எத்தனால் தாங்கும் எல்லையைத் தாண்டியதும் அது நீரோடு சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடி அடுக்கைத்தான். தினமும் ஓடும் வண்டி என்றால் அடுத்த நாளே திக்கித் திணறிக் காட்டிக்கொடுத்துவிடும். நிறுத்திவைக்கும் வண்டியில் அந்த நீர் ஆறு மாதம் உள்ளேயே கிடந்து பம்பையும் குழாயையும் அரிக்கும்.

அதனால் நிறுத்துவதற்கு முன் போடும் கடைசி பெட்ரோலை மட்டுமாவது சோதித்து வாங்குங்கள். வாடிக்கையாளர் கேட்டால் அடர்த்திச் சோதனை, வடிதாள் சோதனை, 5 லிட்டர் அளவுச் சோதனை மூன்றையும் பங்க்கில் செய்து காட்ட வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. அடர்த்தி பார்க்க உயரமான கண்ணாடிக் குடுவையில் பெட்ரோலைப் பிடிப்பார்கள். ஊழியர் மானியைப் பார்க்கட்டும், நீங்கள் குடுவையைப் பாருங்கள். நல்ல பெட்ரோல் பின்னால் இருக்கும் எழுத்து தெரியும்படி தெளிவாக இருக்கும். கலங்கலாக, பால் கலந்ததுபோல் மங்கலாகத் தெரிந்தாலோ, அடியில் தனி அடுக்கு நின்றாலோ போட வேண்டாம். சோதனை செய்ய மறுத்தால் புகார்ப் புத்தகத்தைக் கேளுங்கள். எண்ணெய் நிறுவன அதிகாரியின் எண் பங்க்கிலேயே எழுதியிருக்கும். ரசீது வாங்கி, தேதியும் நேரமும் தெரியப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தாளில் அச்சான எழுத்து டிசம்பருக்குள் மங்கிவிடும்.

அடுத்தது என்ஜின் ஆயில். பெட்ரோல் எரியும்போது நீராவியும் அமிலத்தன்மையுள்ள கழிவுகளும் உண்டாகி, அவற்றில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் கலக்கின்றன. வண்டி ஓடும்போது சூட்டில் நீர் ஆவியாகிவிடும். அமிலத்தை ஆயிலில் உள்ள காரச் சேர்மானம் அடக்கிவைக்கும். பழைய ஆயிலில் அந்தச் சேர்மானம் தீரும் நிலைக்கு வந்திருக்கும். அந்தக் கறுத்த ஆயிலோடு ஆறு மாதம் நிறுத்தினால் பேரிங்குகளின் மேல் அமிலம் சும்மா உட்கார்ந்திருக்கும். திரும்பி வந்து மாற்றினால் அரிப்பு நடந்து முடிந்த பிறகு மாற்றியதாகிவிடும். சர்வீஸ் இடைவெளியில் பாதிக்கு மேல் ஓடியிருந்தால் கிளம்பும் முன்பே ஃபில்டரோடு மாற்றிவிடுவது நல்லது. சமீபத்தில் மாற்றியிருந்தால் தேவையில்லை. மாற்றிய பிறகு கொஞ்ச தூரம் ஓட்டினால்தான் புது ஆயில் உள்ளெங்கும் பரவும். ஆக, முதலில் ஒர்க்‌ஷாப், பிறகு பங்க், பிறகு வீடு என்று ஒரே நாளில் முடிக்கலாம்.

பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவியைக் கொடுத்து “வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விடுப்பா” என்று சொல்லும் வழக்கத்தையும் விட வேண்டும். ஐந்து நிமிடத்தில் ஆயில் முழுச் சூட்டை எட்டாது; உண்டான நீர் உள்ளேயே தங்கும். அரை மணி நேரம் சாலையில் ஓட்ட ஆள் இருந்தால் சரி. இல்லையென்றால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத் தொடாமல் விடுவதே மேல்.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய நிலையில் அதற்கு விதித்திருக்கும் குறைந்தபட்சம் 155 டிகிரிதான். நிற்கும் வண்டியில் கொதிநிலை பெரிதல்ல. அந்த ஈரம் சக்கரத்தில் உள்ள பிரேக் பிஸ்டன்களைத் துருவேற்றி இறுகப் பிடிக்க வைப்பதுதான் சிக்கல். மாற்றி இரண்டு ஆண்டு ஆகிவிட்டதென்றால் இப்போதே மாற்றுங்கள். அளவு மட்டும் குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள்: பேட் தேய்ந்திருக்கிறதா, கசிகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஒர்க்‌ஷாப் அலமாரியில் மூடி திறந்து மாதக்கணக்காக இருக்கும் டப்பா வேண்டாம். சீல் உடைக்காத புதிய டப்பாவை உங்கள் கண் முன்னால் திறக்கட்டும்.

கூலன்டில் நம்மூரில் நடக்கும் தவறு, குறையும் போதெல்லாம் போர் தண்ணீரை ஊற்றுவது. அந்த நீரின் உப்பு ரேடியேட்டருக்குள் படியும். அரிப்பைத் தடுக்கும் மருந்தும் நீர்த்துப்போகும். ரிசர்வாயரில் இருப்பது துரு நிறத்தில் இருந்தால் முழுவதும் இறக்கி, கையேட்டில் சொன்ன வகையை நிரப்ப வேண்டும். நிறம் சரியாக இருந்து அளவு மட்டும் குறைந்திருந்தால், என்ஜின் ஆறிய பிறகு அதே வகையை மேல்கோடு வரை ஊற்றினால் போதும்.

டீசல் வண்டிக்கும் முழு டேங்க்தான். அங்கே தண்ணீர் கரையாமல் அடியில் நின்று, அதன் விளிம்பில் கிருமிகள் வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். அதனால் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து தேங்கிய நீரை வடித்துவிடச் சொல்லுங்கள். பழைய கார்புரேட்டர் பைக்கில் டேங்க்கை நிரப்பிவிட்டு, பெட்ரோல் டேப்பை மூடி, வண்டி தானே அணையும் வரை ஓடவிடுங்கள்; கார்புரேட்டர் கிண்ணம் காலியாகிவிடும். இன்ஜெக்டர் வைத்த பைக்கில் இப்படிச் செய்யக் கூடாது. உலர்ந்து ஓடினால் பம்ப் கெடும்.

ஒர்க்‌ஷாப்பில் பில் வாங்காமல் வராதீர்கள். ஆயிலின் கிரேடு, அளவு, தேதி, கிலோமீட்டர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. வாரன்டியில் இருக்கும் கார் என்றால் இது இன்னும் முக்கியம். சர்வீஸ் கெடு கிலோமீட்டருக்கு மட்டுமல்ல, மாதத்துக்கும் உண்டு. வண்டி ஓடவே இல்லை என்றாலும் மாதக் கணக்கு ஓடும். நீங்கள் இல்லாத நாட்களில் கெடு வருகிறதென்றால் முன்கூட்டியே முடித்துப் பதிய வையுங்கள்.

காருக்கு அடியில் பெரிய அட்டையை விரித்துவிட்டுப் போங்கள். டிசம்பரில் வந்ததும் சாவியைத் தொடும் முன் அந்த அட்டையைப் பார்க்கலாம். என்ஜினுக்கு நேர்கீழே கரும்பழுப்புக் கறை என்றால் என்ஜின் ஆயில். பச்சை, சிவப்பு போன்ற சாயநிறத்தில் பிசுபிசுப்பாக முன்பக்கம் இருந்தால் கூலன்ட். சக்கரத்தின் உட்புறம் தெளிந்த ஈரம் என்றால் பிரேக் ஆயில், அப்போது வண்டியை நகர்த்தவே கூடாது. டேங்க் மூடியைத் திறந்து முகருங்கள். புளித்த பெயின்ட் வாடை அடித்தால் பெட்ரோல் கெட்டுவிட்டது. திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாமல் இறக்கிவிடச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பதி திரும்புவதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்து போயிருக்கும். டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் காபி நிறத்தில் பால் கலந்ததுபோல் இருந்தாலோ, அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்தாலோ, என்ஜினுக்குள் வெள்ளம் புகுந்திருக்கலாம். ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்யாதீர்கள். நீர் நிறைந்த சிலிண்டரை ஸ்டார்ட்டர் திருப்பினால் கனெக்டிங் ராடு வளையும். சாதாரண காப்பீட்டில் அப்படி நேரும் பின்விளைவுச் சேதத்துக்குப் பணம் தர மறுப்பார்கள். என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு எடுத்திருக்க வேண்டும். அப்படியே படமெடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லி, வண்டியைத் தூக்கிச் செல்லும் வாகனத்தில் ஏற்றுங்கள். காப்பீடு நீங்கள் ஊரில் இல்லாத மாதங்களில் முடிகிறதா என்பதையும் கிளம்பும் முன் பாருங்கள். முடிந்து 90 நாள் தாண்டினால் கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்கான தள்ளுபடியும் போய்விடும்.

பங்க்கோ ஒர்க்‌ஷாப்போ காப்பீட்டு நிறுவனமோ பொறுப்பேற்க மறுத்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும்.