நின்றுபோன படுக்கை ஈரம் திரும்பி வந்தால்

பள்ளிக்குப் போகிற பிள்ளை பாயில் ஒன்றுக்குப் போய்விட்டால் வீட்டில் உடனே ஒரு தீர்ப்பு வந்துவிடும்: “அவனுக்குக் கும்பகர்ணத் தூக்கம், தூக்கிப் போட்டாலும் தெரியாது.” பல பிள்ளைகளுக்கு இது ஓரளவு பொருந்தும். இரவில் சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன் சிலருக்குப் போதுமான அளவு சுரக்கச் சில ஆண்டுகள் கூடுதலாக ஆகின்றன. சிறுநீர்ப்பை நிறைந்தாலும் தூக்கம் கலைவதில்லை. விசாரித்தால் அப்பாவோ அம்மாவோ சின்ன வயதில் இப்படித்தான் இருந்திருப்பார்கள். ஏழு வயதில்கூட நூற்றில் ஐந்து முதல் பத்துப் பிள்ளைகளுக்கு இது இருக்கிறது. வயது ஏற ஏறப் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அந்தப் பிள்ளைகள் வேண்டுமென்று செய்வதில்லை. அடிப்பதும் அடுத்தவர் முன்னால் சொல்லிக் காட்டுவதும் கொடுமை.

ஆனால், தூக்கத்தின் மேல் பழியைப் போடுவதற்கு முன் ஒன்றை நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். பிள்ளை இதற்கு முன்பு ஆறு மாதமாவது தொடர்ந்து படுக்கையை நனைக்காமல் இருந்ததா? இருந்துவிட்டு இப்போது புதிதாகத் தொடங்கியிருந்தால், தூக்கம் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. நான்கு ஆண்டுகளாக இதே பிள்ளை இதே மாதிரிதானே தூங்கியது?

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். நான்கு வயதிலேயே படுக்கையை நனைப்பது நின்றுவிட்டது. ஜூன் மாதம் புதுப் பள்ளியில் சேர்ந்த சில வாரங்களில் மறுபடி நனைகிறது. “புது இடம், பிள்ளை பயந்திருக்கு” என்கிறார் பாட்டி. ஏழு மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது என்று அம்மா நிறுத்துகிறார். சிறுமியோ நடுராத்திரி எழுந்து குடத்தில் மொண்டு குடிக்கிறாள். பள்ளிக்குக் கொடுத்துவிடும் தண்ணீர் பாட்டில் மதியத்துக்குள் காலி. நன்றாகச் சாப்பிட்டும் சீருடைப் பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவுகிறது. குளியலறைத் தரையில் எறும்பு மொய்க்கிறது.

மருத்துவர் விரல்நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து குளுக்கோமீட்டரில் வைத்தால் 400-க்கு மேல் காட்டுகிறது. இது முதல் வகை நீரிழிவு. ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதைப் பிடித்துவைக்க முடிவதில்லை. சர்க்கரை சிறுநீரில் இறங்குகிறது, இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. இரவெல்லாம் பை நிறைந்துகொண்டே இருக்கிறது. இழந்த தண்ணீருக்காகத்தான் அந்தத் தாகம். அதனால் தண்ணீரை நிறுத்துவது இங்கே ஆபத்து. உடம்பு இன்னும் வறண்டுபோகும். இன்சுலின் தொடங்கிச் சர்க்கரை கட்டுக்குள் வந்தால் படுக்கை நனைவதும் நின்றுவிடும்.

நாள் தள்ளினால் வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்குதல், சோர்ந்து படுத்துவிடுதல் என்று முற்றும். அஜீரணம் என்றோ ஆஸ்துமா என்றோ நினைத்து வைத்தியம் பார்ப்பதில் நேரம் போய்விடுகிறது. அந்த நேரம்தான் உயிருக்கு ஆபத்தான நேரம்.

எல்லாப் பிள்ளைக்கும் இப்படி இராது. நீரிழிவைவிட மிகச் சாதாரணமாகக் காணப்படும் காரணம் மலச்சிக்கல். வயிற்று உபாதைக்கும் படுக்கைக்கும் முடிச்சுப் போடப் பெற்றோருக்குத் தோன்றுவதே இல்லை. மலக்குடல் சிறுநீர்ப்பைக்குப் பின்னாலேயே இருக்கிறது. அங்கே மலம் கெட்டிப்பட்டுத் தேங்கினால் பை அழுந்துகிறது; கொள்ளவேண்டிய அளவு கொள்ளாமல் அடிக்கடி சுருங்குகிறது. பள்ளிக் கழிவறைக்குப் போக அருவருத்து நாள் முழுக்க அடக்கிவைக்கும் பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். தினமும் போகிறான் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கெட்டியாக, முக்கி முக்கிப் போகிறானா, ஜட்டியில் கறை படிகிறதா என்று பாருங்கள். மலத்தை இளக்கும் மருந்தைச் சில மாதங்கள் விடாமல் கொடுத்தாலே பலருக்குப் படுக்கை நனைவது குறைந்துவிடுகிறது. நான்கு நாளில் சரியானதும் மருந்தை நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

பகலில் என்ன நடக்கிறது என்பதும் முக்கியம். பகலிலும் உடை நனைவது, ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல், சிறுநீர் மெல்லிய தாரையாக வருவது, நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் கசிவது, உரத்த குறட்டை, முதுகின் கீழ்ப்பகுதியில் முடிக்கற்றையோ குழியோ இருப்பது — இவற்றில் எது இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் சிறுநீர்ப் பரிசோதனையில்தான் தொடங்குவார்கள். அது செலவு குறைந்தது, பிள்ளைக்கு வலியும் இல்லை.

நின்றுபோனது திரும்பி வந்து, கூடவே தாகமோ மெலிவோ தெரிந்தால் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ரத்தச் சர்க்கரை பார்த்துவிடுங்கள்.