ஒத்த மின்வாய்களைக் கொண்ட செறிவு மின்கலம்: மின்னழுத்தம் தோன்றுவதும் சுழியாவதும்

முன்னுரை

டேனியல் மின்கலத்தில் துத்தநாகம், தாமிரம் என இரு வேறு உலோகங்கள் உள்ளமையால் மின்னழுத்தம் தோன்றுகிறது. இரு மின்வாய்களும் தாமிரமாகவே இருப்பின் அவற்றின் திட்ட மின்னழுத்தங்களுக்கிடையே வேறுபாடு இல்லை. எனினும், அவை மூழ்கியுள்ள கரைசல்களின் செறிவு வேறுபட்டால் மின்னழுத்தம் கிடைக்கிறது. அதன் காரணத்தையும், அது சுழியாகும் நிலையையும் மயில்துத்தக் (தாமிர சல்பேட்டு) கரைசலைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

மின்னழுத்தம் தோன்றும் காரணம்

கரைசலில் நிற்கும் தாமிரத் தகட்டில் இரு செயல்கள் எதிரெதிராக நிகழ்கின்றன. தாமிர அணுக்கள் எலக்ட்ரான்களைத் தகட்டிலேயே விட்டு அயனிகளாகக் கரைகின்றன. அயனிகள் எலக்ட்ரான்களைப் பெற்றுத் தகட்டில் படிகின்றன. நீர்த்த கரைசலில் அயனிகள் குறைவாதலால் படிதல் தளர்ந்து, கரைதல் மேலோங்குகிறது. எனவே அத்தகடு மற்றதைவிட எதிர்மின் தன்மை பெறுகிறது. கம்பியால் இணைத்தவுடன் எலக்ட்ரான்கள் செறிந்த கரைசலிலுள்ள தகட்டிற்குச் செல்கின்றன. அங்குத் தாமிரம் படிகிறது, இங்குக் கரைகிறது. கரைசல்களின் மின்நடுநிலையை உப்புப் பாலம் காக்கிறது. இரு கரைசல்களையும் நேரடியாகக் கலந்திருந்தால் வீணாகியிருக்கும் கட்டற்ற ஆற்றலே இங்கு மின்வேலையாக வெளிப்படுகிறது.

கணக்கீடு

25 டிகிரி செல்சியசில் நெர்ன்ஸ்ட் சமன்பாடு பின்வருமாறு அமையும்:

E = 0.0296 log (C₂/C₁)

ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டர் கொண்ட 0.1, 0.01 மோலார் கரைசல்களுக்குத் தொடக்க மதிப்பு 29.6 மில்லிவோல்ட். மாறவேண்டிய அயனிகளில் பாதி மாறியதும் செறிவுகள் 0.0775, 0.0325 ஆகின்றன, மின்னழுத்தம் ஏறத்தாழ 11 மில்லிவோல்ட்டாகக் குறைகிறது. இரண்டும் 0.055 மோலாரை அடைந்ததும் விகிதம் 1 ஆகிறது; மடக்கை சுழியாவதால் மின்னழுத்தமும் சுழியாகிறது. இதற்குள் ஒரு தகட்டிலிருந்து கரைந்த தாமிரம் 0.286 கிராம் மட்டுமே. தகடுகளும் அயனிகளும் எஞ்சியிருக்க, தீர்ந்துபோவது வேறுபாடு ஒன்றே.

ஆய்வகத்தில் 29.6 மில்லிவோல்ட் கிடைப்பதில்லை. தாமிர, சல்பேட்டு அயனிகள் ஒன்றையொன்று வலுவாக ஈர்ப்பதால், செறிவு மிகும்போது அவற்றின் செயல்படும் பங்கு குறைகிறது. செயல்பாட்டுக் குணகங்களை முறையே ஏறத்தாழ 0.15, 0.4 எனக் கொண்டால், தொடக்க மதிப்பு 17 மில்லிவோல்ட் அளவில் அமைகிறது. அளவீட்டிற்கு முன் இரு தகடுகளையும் ஒரே கரைசலில் வைத்துச் சோதித்தல் வேண்டும். அப்போது சுழி காட்டாவிடில், தகடுகளின் மேற்பரப்புகள் ஒத்தவையல்ல என்பது புலனாகும்.

முடிவுரை

மூடிய கலத்தில் வேறுபாடு தானே அழிகிறது. பாம்பன் கடலில் நிற்கும் ஓர் இரும்புத் தூணில் நிலைமை வேறு. ஆக்சிஜன் மிகுந்த மேற்பகுதிக்கும் குறைந்த கீழ்ப்பகுதிக்கும் இடையே ஒரே இரும்பிலேயே இத்தகைய கலம் உருவாகி, ஆக்சிஜன் குறைந்த பகுதி அரிக்கப்படுகிறது. காற்று ஆக்சிஜனை ஓயாது நிரப்புவதால் அங்கு வேறுபாடு தீர்வதில்லை. அரிமானமும் தானே நிற்பதில்லை.